ரப்பர் விரலும் நம் கைரேகையும்

காலாப்பட்டு, மதகடிப்பட்டு, அரியூர், கதிர்காமம், கிருமாம்பாக்கம் என்று புதுச்சேரியைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ஒரு மருத்துவக் கல்லூரி வந்துவிடும். அங்கே பாடம் எடுக்கும் மருத்துவர்கள் 2025 மே 1 முதல் கைபேசியில் முகத்தைக் காட்டித்தான் வருகையைப் பதிய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் நாடு முழுவதுக்குமாக உத்தரவிட்டது. அதுவரை விரல் வைத்தார்கள். இப்போது முகம், அதோடு நிற்கும் இடத்தைச் சொல்லும் ஜிபிஎஸ்.

ஆசிரியர் எண்ணிக்கையைக் காட்டித்தான் ஒரு கல்லூரி அங்கீகாரமும் இடங்களும் பெறுகிறது. ஆகவே வராத ஆசிரியரை வந்ததாகக் காட்டும் ஆசை நிர்வாகத்துக்கே வருகிறது. 2025இல் மருத்துவக் கல்லூரி முறைகேடுகள் பற்றி சி.பி.ஐ. பதிவுசெய்த வழக்கில், இந்தூரில் உள்ள ஒரு கல்லூரியில் செயற்கை விரல் செய்து ஆசிரியர்களின் வருகை பதியப்பட்டது என்பதும் ஒரு குற்றச்சாட்டு. இது புதிய தந்திரம் இல்லை. 2013இல் பிரேசிலில் ஒரு பெண் மருத்துவர், வேலைக்கு வராத சக ஊழியர்களுக்காக ஆறு சிலிக்கோன் விரல்களை வைத்து வருகை பதிந்தபோது பிடிபட்டார். அதற்கும் முன்னால், 2002இலேயே ஜப்பானில் யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தின் சுதோமு மட்சுமோட்டோ குழுவினர் ஜெலட்டினில் விரல் வார்த்து, சோதித்த 11 கருவிகளையும் ஏமாற்றிக் காட்டியிருந்தார்கள்.

ஆனால் சிறு தொழிற்கூடங்களில் ஒருவருக்காக இன்னொருவர் பதிவதற்கு ரப்பர் விரல் எல்லாம் தேவைப்படுவதில்லை. சேதராப்பட்டில் 60 பேர் வேலை செய்யும் ஒரு யூனிட்டை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். வாசலில் மாட்டியிருக்கும் கருவியில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். ரேகை தேய்ந்தாலும் விரலில் காயம் பட்டாலும் சமாளிக்க வேண்டும் என்பதற்காக, ஒரே எண்ணில் பல விரல்களைப் பதிய இடம் கொடுத்திருப்பார்கள். பதியும் அன்று பக்கத்தில் மேற்பார்வையாளர் இல்லாவிட்டால், என் எண்ணில் இரண்டாவது விரலாக என் நண்பனின் விரலைச் சேர்த்துவிடலாம். பிறகு ஆண்டு முழுவதும் அவன் எனக்காக ரேகை வைப்பான், கருவியும் நன்றி சொல்லும். கருவியைப் பொறுத்தவரை அது பொய்யே இல்லை.

இதைக் கண்டுபிடிக்கக் கருவிக்குள்ளேயே வழி இருக்கிறது. ஒவ்வொரு பதிவோடும் நேரமும், அது விரலால் வந்ததா, கடவுச்சொல்லால் வந்ததா, அட்டையால் வந்ததா என்ற குறிப்பும் பல கருவிகளில் சேமிக்கப்படும். ஒரு மாதப் பதிவை விரித்துப் பார்த்தால் போதும். இரண்டு எண்கள் தினமும் சில விநாடி இடைவெளியில், அதே வரிசையில், உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் ஜோடியாகவே விழுந்திருந்தால் விசாரிக்க வேண்டியதுதான். ஒன்றாக பஸ்ஸில் வருகிறவர்களாகவும் இருக்கலாம் என்பதால் அதை மட்டும் வைத்துத் தண்டித்துவிடக் கூடாது. இருவரையும் கூப்பிட்டு, பதிந்த விரல்கள் அத்தனையையும் அவரவர் கையால் மறுபடி வைத்துக்காட்டச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். கணினியில் கையால் திருத்திய பதிவுகள் எத்தனை, திருத்தியவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். அந்தத் திருத்தம் கருவி மாட்டிய வாசலில் நடப்பதில்லை, அலுவலக அறைக்குள் நடக்கிறது. விரலுக்குப் பதிலாக முகத்தைக் கேட்டாலும் அந்த அறை அப்படியேதான் இருக்கும்.

நேர்மையாக வருகிறவர்தான் இதில் அதிகம் அவதிப்படுகிறார். சுண்ணாம்பு, சிமென்ட், சோப்பு, பினாயில் என்று நாள் முழுக்கப் புழங்கும் கைகளில் ரேகை மங்கிவிடும். வயதானவர்களுக்குத் தோல் வறண்டு ரேகை பிடிக்காது. இரண்டு ரேகைகள் எந்த அளவுக்கு ஒத்துப்போனால் சரி என்று ஏற்பது என்ற வரம்பைக் கருவியில் மாற்றி வைக்க முடியும். அதை உயர்த்தினால் துப்புரவுப் பணியாளர் நாலு முறை வைத்தும் ரேகை விழாமல் நின்றுகொண்டிருப்பார். தாழ்த்தினால் வேறொருவரின் விரலை ஏற்றுவிடும் வாய்ப்பு கூடும்.

இதை எல்லாம் விடப் பெரிய கவலை, எடுத்த ரேகை எங்கே போகிறது என்பது. ஆதார் வழி வருகைப் பதிவில் ரேகையோ முகமோ குறியாக்கம் செய்யப்பட்டு ஆதார் ஆணையத்தின் கணினிக்குப் போய், ஆம் அல்லது இல்லை என்ற விடை திரும்பி வரும். சொந்தமாகக் கருவி வாங்கி மாட்டும் கம்பெனிகளில் கதை வேறு. ரேகைக் கோடுகள் முடியும் இடங்களையும் பிரியும் இடங்களையும் எண்களாக்கி, அந்தக் கருவியிலோ முதலாளியின் கணினியிலோ, விற்றவரின் சர்வரிலோ வைக்கிறார்கள். படமாக இல்லை, எண்களாகத்தான் இருக்கிறது என்று விற்பனையாளர் ஆறுதல் சொல்வார். அந்த எண்களிலிருந்தே கருவியை ஏமாற்றும் அளவுக்கு ரேகையை மறுபடி வரைய முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். 2019 ஆகஸ்டில் பயோஸ்டார் 2 என்ற வாசல் கட்டுப்பாட்டு மென்பொருளின் தரவுக் கிடங்கு இணையத்தில் திறந்துகிடந்ததை ஆய்வாளர்கள் கண்டபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ரேகைகள் அதில் இருந்தன.

ரேகை வெளியே போனால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்குத் தெலங்கானாவில் பதில் இருக்கிறது. 2018இல் அங்கே சிம் கார்டு விற்ற ஒருவர், பதிவுத்துறை இணையதளத்தில் இருந்த நிலப் பத்திரங்களை இறக்கி, அவற்றில் இருந்த பெருவிரல் ரேகைகளை ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் கருவியில் வார்த்தெடுத்து, ஊரார் பெயரில் ஆயிரக்கணக்கில் சிம் கார்டுகளை இயக்கிவைத்தார் என்று போலீஸார் கைது செய்தார்கள். விற்பனை இலக்கை எட்டுவதற்காகச் செய்தாராம். அதே ரேகையைக் கொண்டு வங்கிக் கணக்கில் பணம் எடுக்கும் வசதியும் நம் நாட்டில் இருக்கிறது. கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். பத்து விரலும் ஆயுள் முழுக்க அதே பத்து விரல்தான்.

புதுச்சேரிக்காரர்கள் பலருக்கு உறவினர் இருக்கும் பிரான்ஸில், வருகைப் பதிவுக்கு ரேகை வாங்கலாமா என்ற கேள்விக்கு எப்போதோ முடிவு சொல்லிவிட்டார்கள். அங்கே தனிநபர் தகவல் பாதுகாப்பைக் கவனிக்கும் சி.என்.ஐ.எல். ஆணையம், தொழிற்சங்கங்களையும் முதலாளிகள் சங்கங்களையும் கேட்டறிந்த பிறகு, 2012இல் கையின் வடிவத்தை வைத்து வேலை நேரம் கணக்கிடுவதற்கு அதுவரை கொடுத்திருந்த அனுமதியையும் திரும்பப் பெற்றது. 2018இல், ஊழியர்களின் வேலை நேரத்துக்கு ரேகை வாங்கிய ஓர் அழைப்பு மையத்துக்கு 10,000 யூரோ அபராதம் விதித்தது. நேரம் தெரிந்துகொள்ள உடம்பின் அடையாளத்தை எடுப்பது தேவைக்கு மீறியது, அட்டையும் மேற்பார்வையாளரும் போதும் என்பதுதான் அங்கே நிலைப்பாடு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. 60 பேர் இருக்கும் இடத்தில் யார் வந்தார்கள் என்று பார்த்துச் சொல்ல ஒரு மனிதரால் முடியும்.

நம் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான நோக்கங்களுக்கு ஊழியரிடம் தனியாகச் சம்மதம் வாங்காமலே அவர் தகவலைப் பயன்படுத்த முதலாளிக்கு இடம் தருகிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். ஆனால் பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு, நோக்கம் முடிந்ததும் தகவலை அழிக்க வேண்டும் என்பவையும் அதே சட்டத்தில்தான் உள்ளன.

ஆகவே ரேகை வைக்கச் சொன்னால், அது எங்கே சேமிக்கப்படும், யார் பார்க்க முடியும் என்று கேளுங்கள். ரேகை விழாதவருக்கு அட்டையோ கையெழுத்தோ வேண்டும் என்று சங்கம் மூலம் எழுத்தில் கேளுங்கள். வேலையை விட்டு விலகும் நாளில் பி.எஃப். விவரங்களோடு சேர்த்து, உங்கள் ரேகையும் முகப்பதிவும் கருவியிலிருந்தும் கணினியிலிருந்தும் அழிக்கப்பட்டன என்று ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்.