டாரட்: பென்டகிள்ஸ் ஒண்ணுகூட வரலன்னா பணக் கஷ்டமா?

மூணு கார்டு எடுத்தீங்க, அதுல கப்ஸ் ஒண்ணுகூட இல்லை. உடனே ‘என் வாழ்க்கையில அன்பே இல்லையா’ன்னு பயந்துடாதீங்க. டாரட்டில் நான்கு வகைகள் உண்டு. மூன்று கார்டுகளில் ஒரு வகையாவது விடுபட்டே தீரும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு கட்டில் 78 கார்டுகள். அதில் 22 மேஜர் அர்கானா. பெரிய திருப்பங்களைக் காட்டுவதாகச் சொல்லப்படுபவை. மீதி 56-ம் அன்றாடத்துக்கானவை, வகைக்கு 14. ஆசையும் வேகமும் வாண்ட்ஸ், உணர்வு கப்ஸ், யோசனையும் சண்டையும் ஸ்வார்ட்ஸ், பணமும் உடம்பும் பென்டகிள்ஸ்.

பத்து கார்டு வைக்கும் ‘கெல்டிக் கிராஸ்’ முறையிலும் ஏதாவது ஒரு வகை வராமல் போக சுமார் 43% வாய்ப்பு உண்டு. ஆனால் குறிப்பிட்ட ஒரு வகை, உதாரணமாக பென்டகிள்ஸ், வராமல் போக 12% தான். பத்தில் ஒரு மேஜர்கூட வராமல் இருக்க 3%-க்கும் குறைவு. கார்டு எதிர்காலத்தைச் சொல்லும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. ஆனாலும் எந்த இடைவெளியை கவனிக்கணும்னு முடிவு பண்ண இந்தக் கணக்கு உதவும்: உங்க கேள்விக்கே உரிய வகை பெரிய ஸ்பிரெட்டில் காணாமல் போனால் மட்டும் நின்று யோசியுங்கள். அதுக்கு முன்னாடி, கட்டு புதுசான்னும் பாருங்க. புதுக்கட்டில் மேஜர் எல்லாம் ஒரே இடத்தில் அடுக்கியிருக்கும். சரியா கலைக்கலன்னா அவை மொத்தமாக விடுபடலாம்.

ஒரு உதாரணம். ‘வேலையை விட்டுட்டு சொந்தமா கம்பெனி ஆரம்பிக்கலாமா?’ என்பது கேள்வி. வந்த பத்தில் ஐந்து வாண்ட்ஸ், மூன்று ஸ்வார்ட்ஸ், இரண்டு கப்ஸ். பென்டகிள்ஸ் இல்லை, மேஜரும் இல்லை. ஆர்வம் கொட்டிக் கிடக்கு, மனசுக்குள்ள வாக்குவாதமும் நடக்குது. பணத்தைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒன்று, பணம் இங்கே பிரச்சினையே இல்லை. இன்னொன்று, கேட்டவர் பணத்தை யோசிக்கவே இல்லை. எது சரி என்பதை கார்டு சொல்லாது, கேட்டவரிடம்தான் கேட்கணும். ‘சம்பளம் இல்லாம எத்தனை மாசம் ஓட்ட முடியும்?’ சட்டென்று ‘பத்து மாசம்’ என்று பதில் வந்தால், அந்த வெற்றிடத்தை அப்படியே விட்டுவிடலாம். பேச்சு மாறினால், படிக்க வேண்டிய இடமே அதுதான். ‘பென்டகிள்ஸ் வரல, அதனால நஷ்டம்’ என்பது தப்பான வாசிப்பு. நஷ்டத்தைக் காட்டவும் பென்டகிள்ஸ் கார்டுதான் வரணும்.

மேஜர் இல்லாததை ‘அற்ப விஷயம்’ என்று சிலர் தள்ளிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விதி, வெளிச்சக்தி என்று எதுவும் இதைத் தள்ளவில்லை, முடிவு கேட்டவர் கையில் இருக்கு என்று படிப்பதே பொருத்தம். இந்த உதாரணத்தில், ராஜினாமா கடிதத்தை இந்த மாசமே கொடுக்கணும்னு எதுவும் துரத்தவில்லை.