டாலர் விலையை முன்கூட்டியே உறுதி செய்வது: சிறு ஏற்றுமதியாளர் கவனிக்க வேண்டியவை

ஆம்பூரில் தோல் காலணி தைத்து ஜெர்மனிக்கு அனுப்பும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் 50,000 டாலர் வரவேண்டும். செலவு 40 லட்சம் ரூபாய். இன்று ஒரு டாலர் 83 ரூபாய் என்றால், 1,50,000 ரூபாய் இலாபம். பணம் வரும் நாளில் அது 80 ரூபாயாக இறங்கிவிட்டால் இலாபமே இல்லை.

இதற்காக வங்கியுடன் செய்துகொள்வதுதான் ஃபார்வர்ட் ஒப்பந்தம். மூன்று மாதம் கழித்து டாலரை 83 ரூபாய் 35 காசுக்கு வாங்கிக்கொள்வதாக வங்கி இன்றே விலை பேசிவிடுகிறது. இந்த 35 காசு, டாலர் ஏறும் என்ற வங்கியின் கணிப்பு அல்ல. இந்திய வட்டி விகிதத்துக்கும் அமெரிக்க வட்டி விகிதத்துக்கும் உள்ள இடைவெளியிலிருந்து வருவது. டாலர் 80க்கு இறங்கினாலும் நிறுவனத்துக்கு 41,67,500 ரூபாய் உறுதி. 85க்கு ஏறினாலும் அதே தொகைதான்.

பலர் இதைக் காப்பீடு என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஒப்பந்தம் விலையை மட்டுமே உறுதி செய்கிறது. வாடிக்கையாளர் பணம் அனுப்புவதை அல்ல. அவர் ஆர்டரை ரத்து செய்தாலும், வங்கிக்கு டாலர் தரும் கடமை நம் மீதுதான். அன்று டாலர் 85 ரூபாய் என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்ய டாலருக்கு 1 ரூபாய் 65 காசு வீதம் 82,500 ரூபாயும், வங்கிக் கட்டணமும் நாம் கட்டவேண்டும்.

ஆகவே, வரும் என்று உறுதியாகத் தெரிந்த பகுதிக்கு மட்டும் ஒப்பந்தம் செய்வதே முறை. பணம் வரும் தேதி நிச்சயமில்லையெனில், ஒரே நாளைக் குறிக்காமல் ஒரு மாதத்துக்குள் எந்த நாளிலும் டாலரை ஒப்படைக்கும் வகையைக் கேட்கலாம்.

நமக்கு இதில் மார்க்கக் கேள்வியும் உண்டு. நாணயத்துக்கு நாணயம் மாற்றும்போது இரண்டும் அதே அமர்வில் கைமாற வேண்டும் என்பது சர்ஃபின் சட்டம். இங்கே இரண்டுமே பின்னால் கைமாறுகின்றன. எனவே, பஹ்ரைனில் உள்ள அயோஃபி அமைப்பின் முதலாவது ஷரீஆ தரநிலை இத்தகைய ஒப்பந்தத்தை அனுமதிக்கவில்லை. ஒரு தரப்பு மட்டும் தரும் வாக்குறுதியை அது ஏற்கிறது. இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் வாக்குறுதியை ஏற்பதில்லை.

நம் ஊர் வங்கிகள் தருவது இருவரையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமே. ஆதலால், ஆர்டர் பேசும்போதே விலையை ரூபாயில் குறிக்க வாடிக்கையாளரிடம் கேட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டு ரசாயனத்துக்கு டாலரில் பணம் கட்டுபவர்கள், வரும் டாலரையே அதற்குச் செலுத்தினால் அந்த அளவுக்கு ஏற்ற இறக்கம் பாதிக்காது. மீதிக்கு என்ன செய்வது என்பதைக் கையெழுத்திடுமுன், ஒப்பந்தத்தின் வாசகத்தைக் காட்டி, வணிகச் சட்டம் அறிந்த ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.