அனுப்பியாயிற்று, ஆனால் போய்ச் சேர்ந்ததா?

பேருந்து இருக்கையில் யாரோ ஒரு பிளாஸ்டிக் ஃபைலை விட்டுவிட்டு இறங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், ஒரு பி.இ. பட்டச் சான்றிதழ். பெயர் எஸ். கார்த்திக். போன் நம்பர் எதிலும் இல்லை. ஃபைலை எடுத்தவர் அன்றிரவே ஃபேஸ்புக்கில் தேடுகிறார். ஊரும் கல்லூரியும் ஒத்துப்போகிற ஒரு கார்த்திக் அகப்படுகிறார். "வணக்கம் தம்பி, நல்லா இருக்கீங்களா? ஒரு விஷயம் சொல்லணும்" என்று மெசேஜ் அனுப்புகிறார். ஒரு வாரம் ஆகியும் பதில் இல்லை. "சான்றிதழைத் தொலைத்தவனுக்கே அக்கறை இல்லை, நமக்கென்ன" என்று மனம் கசந்துபோகிறது.

கார்த்திக்கோ அதே வாரம் போலீஸ் ஸ்டேஷனுக்கும் பள்ளிக்கும் நடையாக நடந்துகொண்டிருக்கலாம். அந்த மெசேஜ் அவர் போனில்தான் இருக்கிறது. அவர் திறக்காத ஒரு அறையில் இருக்கிறது.

இரண்டாவது அறை வந்த கதை

மின்னஞ்சலில் குப்பைக் கடிதங்கள் குவிந்த அனுபவத்தை எல்லா நிறுவனங்களும் பார்த்திருந்தன. செய்தி அனுப்புவதற்குச் செலவே இல்லை என்றால், விளம்பரக்காரரும் மோசடிக்காரரும் லட்சக்கணக்கில் அனுப்புவார்கள். அதனால் ஃபேஸ்புக் 2010 நவம்பரில் தன் செய்தி வசதியைப் புதுப்பித்தபோது, நண்பர்களின் செய்திகளை முதன்மைப் பெட்டியில் வைத்து, மற்றவர்கள் அனுப்புவதை "Other" என்ற தனி ஃபோல்டருக்குள் தள்ளியது. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. வருடக்கணக்கில் கழித்துத் திறந்து பார்த்து, பழைய செய்திகளைக் கண்டு திகைத்தவர்கள் ஏராளம்.

2012 டிசம்பரில் அந்த நிறுவனம் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தியது. ஒரு டாலர் கட்டினால், முன்பின் தெரியாதவருக்கு அனுப்பும் செய்தி நேராக முதன்மைப் பெட்டிக்கே போகும். காசு கட்டி லட்சம் பேருக்கு அனுப்ப மோசடிக்காரருக்குக் கட்டுப்படியாகாது, உண்மையான தேவை உள்ளவர் ஒரு டாலரைப் பொருட்படுத்த மாட்டார் என்பது கணக்கு. அது நிலைக்கவில்லை. 2015 அக்டோபரில் "Other" போய், இன்று நாம் பார்க்கும் "Message requests" வந்தது. பெறுபவர் "சரி" என்று ஏற்கும் வரை அந்நியரின் முதல் செய்தி அங்கேயே காத்திருக்கும்.

அறைக்குள் இன்னொரு அறை

இந்தக் கோரிக்கைப் பெட்டியும் ஒரே அடுக்கு இல்லை. நண்பரின் நண்பர், உங்கள் போன் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவர் போன்றவர்களை "தெரிந்தவராக இருக்கலாம்" என்று மெசஞ்சர் ஒரு பக்கம் வைக்கிறது. சந்தேகத்துக்குரியது என்று கணினிக்குத் தோன்றுவது "Spam" என்ற உள்ளறைக்குப் போகிறது. பொதுவான நண்பர் ஒருவர்கூட இல்லாத, நேற்றுத் தொடங்கிய, முகப்புப் படம் இல்லாத கணக்கிலிருந்து வரும் செய்தி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உள்ளறைக்குப் போகும் வாய்ப்பே அதிகம். அங்கே வரும் செய்திக்கு போன் சிணுங்காது.

அனுப்பியவருக்கு இதில் எதுவும் தெரியாது. பெறுபவர் கோரிக்கையைத் திறந்து படித்தாலும், ஏற்கும் வரை "பார்த்தார்" என்ற அடையாளம் அனுப்பியவருக்குக் காட்டப்படாது. இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. தொந்தரவு செய்பவருக்கு, தன் செய்தி படிக்கப்பட்டது என்ற திருப்திகூடக் கிடைக்கக் கூடாது. குறிப்பாகப் பெண்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் இதே ஏற்பாட்டினால், "பார்க்கவில்லை", "பார்த்துவிட்டு ஒதுக்கினார்" என்ற இரண்டும் அனுப்பியவர் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகின்றன. மௌனத்தைப் பார்த்து எந்த முடிவுக்கும் வர வழியில்லை.

இன்ஸ்டாகிராம் இன்னும் கண்டிப்பானது. 2023 ஆகஸ்டில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, உங்களைப் பின்தொடராத ஒருவருக்கு ஒரே ஒரு செய்திதான் அனுப்பலாம். அதுவும் எழுத்து மட்டுமே. படம், வீடியோ, குரல் பதிவு எதுவும் அவர் ஏற்ற பிறகுதான். 2021-இல் வந்த "Hidden Words" வசதியைப் போட்டு வைத்திருந்தால், வசைச் சொற்களோ, கணக்குக்காரரே தடைப்பட்டியலில் சேர்த்த சொற்களோ உள்ள கோரிக்கைகள் மறைக்கப்பட்ட பெட்டிக்குப் போய்விடும். பதின்ம வயதினருக்கான கணக்குகளில், அவர்கள் பின்தொடராதவரோ ஏற்கெனவே தொடர்பில் இல்லாதவரோ செய்தி அனுப்பவே முடியாது.

கார்த்திக்குகள் முப்பது பேர்

ஃபைலை எடுத்தவர் விடாமுயற்சிக்காரர் என்றால் அடுத்துச் செய்வதைப் பாருங்கள். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். எஸ். கார்த்திக் என்று தேடினால் கார்த்திக் எஸ், கார்த்தி எஸ்.கே என்று பத்து விதமாக எழுதிய முப்பது பேர் வருவார்கள். முதலில் எழுதியவர் வேறு கார்த்திக்கோ என்று சந்தேகம் வந்து, அதே செய்தியை நகலெடுத்து முப்பது பேருக்கும் ஒட்டி அனுப்புகிறார்.

கணினியின் பார்வையில் இது அப்படியே மோசடிக்காரரின் நடத்தை. அந்நியர்கள் முப்பது பேருக்கு, சில நிமிடங்களில், ஒரே வாசகம். அந்தக் கணக்கு சில மணி நேரமோ சில நாட்களோ செய்தி அனுப்ப முடியாமல் முடக்கப்படலாம். பெற்றவர்களில் இருவர் "ஸ்பாம்" என்று புகார் அழுத்திவிட்டால் நிலைமை இன்னும் மோசம். உண்மையான கார்த்திக்குக்குப் போகவேண்டிய செய்தியும் இந்தக் கெட்ட பெயரைச் சுமந்துகொண்டுதான் போகும்.

லிங்க்ட்இன்னில் வேறு கணக்கு

பட்டம் பெற்றவர் ஆயிற்றே, லிங்க்ட்இன்னில் இருப்பார் என்று அங்கே போனால் சட்டம் வேறு. இலவசக் கணக்கில், இணைப்பில் இல்லாதவருக்குப் பொதுவாக நேரடிச் செய்தி அனுப்ப முடியாது. இணைப்புக் கோரிக்கையோடு ஒரு சிறு குறிப்பு சேர்க்கலாம். அதற்கு 200 எழுத்துதான் எல்லை. கட்டணக் கணக்குக்கு 300. இப்படிக் குறிப்போடு அனுப்புவதும் இலவசக் கணக்கில் மாதத்துக்கு ஒருசில முறைதான். அது தீர்ந்தால் குறிப்பில்லாத வெறும் கோரிக்கைதான் போகும். யார் என்றே தெரியாத ஒருவரின் வெறும் கோரிக்கையை கார்த்திக் ஏன் ஏற்கவேண்டும்?

தமிழில் எழுதுபவருக்கு அந்த 200 இன்னும் சுருங்குகிறது. "சான்றிதழ்" என்ற சொல்லை நாம் ஐந்து எழுத்து என்போம். யூனிகோடு முறையில் காலும் புள்ளியும் கொக்கியும் தனித்தனிக் குறிகள். எண்ணினால் ஒன்பது வரும். ஆகவே தமிழில் முகமன் எழுதி முடிப்பதற்குள் இடத்தில் கால்வாசி போய்விடும்.

வாரத்துக்கு எத்தனை கோரிக்கை அனுப்பலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. புழங்குபவர்களின் அனுபவத்தில் அது நூறை ஒட்டி இருக்கிறது. அனுப்பியவை ஏற்கப்படாமல் கிடந்தாலோ, நிராகரிக்கப்பட்டாலோ, கணக்குக்குக் கட்டுப்பாடு வரும். பதில் வராத கோரிக்கையைத் திரும்பப் பெற்றால் அதே ஆளுக்கு மூன்று வாரம் வரை மறுபடி அனுப்ப முடியாது. அப்படியே விட்டாலும் ஆறு மாதத்தில் அது காலாவதியாகும். வேலை தேடும் இளைஞர்கள் ஒரே நாளில் ஐம்பது மேலாளர்களுக்குக் கோரிக்கை தட்டுவது இந்த வரம்பில்தான் முட்டி நிற்கிறது. அறிமுகம் சொல்ல ஆளில்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இதில் இழப்பு அதிகம் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. சொந்தக்காரர் ஒருவர் அந்த நிறுவனத்தில் இருப்பவருக்கு இந்தக் கதவு தானாகத் திறந்துவிடுகிறது.

ஒரே செய்தி, முதல் வரி

ஆகவே ஃபைலை எடுத்தவர் எப்படி எழுதியிருக்க வேண்டும்? கோரிக்கைப் பட்டியலில் பெயருக்குக் கீழே செய்தியின் தொடக்கம் மட்டும்தான் தெரியும். "நல்லா இருக்கீங்களா" என்று அந்த இடத்தை நிரப்பினால், மோசடிச் செய்திகள் தொடங்கும் விதத்திலேயே இதுவும் தொடங்குகிறது. அதற்குப் பதில் இப்படி எழுதலாம்: "உங்கள் பிளஸ் டூ சான்றிதழ் பஸ்ஸில் கிடைத்தது. பிறந்த தேதி 14 என்று இருக்கிறது. உங்களுடையதா? பணம் எதுவும் வேண்டாம்."

விஷயம் முதல் சொற்களிலேயே வந்துவிட்டது. சொந்தக்காரருக்கு மட்டும் பொருள்படும் ஒரு சிறு தகவல் நம்பிக்கையைத் தருகிறது. முழுப் பிறந்த தேதியையோ பதிவெண்ணையோ எழுதவில்லை, ஏனென்றால் எதிரில் இருப்பது வேறு கார்த்திக்காக இருக்கலாம். இணைப்பு முகவரி எதையும் சேர்க்கவில்லை. அந்நியர் அனுப்பும் லிங்க் சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

செய்தியை அனுப்பியபின், அவருடைய பொதுப் பதிவு ஒன்றின் கீழே "உங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கிறேன், ரிக்வெஸ்ட் பெட்டியைப் பாருங்கள்" என்று கருத்து எழுதலாம், அவர் அதை அனுமதித்திருந்தால். கருத்துக்கான அறிவிப்பு வேறு வழியில் வருவதால் அது கண்ணில் படும். பொதுவான நண்பர் யாராவது இருந்தால் அவரிடம் சொல்வது இன்னும் நல்லது. இவை எல்லாவற்றையும்விட விரைவான வழி சான்றிதழிலேயே அச்சாகியிருக்கிறது: பள்ளியின் பெயர். அந்த அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் பழைய மாணவரின் முகவரியைத் தேடிப் பார்த்துச் சேதி சொல்லிவிடுவார்கள்.

பெறுபவர் செய்ய வேண்டியது

கோரிக்கைப் பெட்டியைத் திறந்தாலே ஆபத்து என்று பலர் பயப்படுகிறார்கள். திறந்து படிப்பதால் அனுப்பியவருக்கு எதுவும் தெரியாது. உள்ளே இருக்கும் லிங்க்கைத் தொடாமல் இருந்தால் போதும். மெசஞ்சரில் மெனுவுக்குள் "Message requests" இருக்கிறது. அதற்குள் "Spam" பகுதியையும் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் செய்திப் பக்கத்தின் மேலே "Requests" இருக்கும். அதன் அடியில் மறைக்கப்பட்டவை. மெசஞ்சர் அமைப்புகளில் "Message delivery" என்ற இடத்தில், நண்பரின் நண்பர்கள் அனுப்புவதை மட்டும் நேராகச் சாட் பெட்டிக்கு வரச் சொல்லலாம். மற்றவர்களுக்கான கதவைக் கோரிக்கை அளவிலேயே வைத்துக்கொள்ளலாம். "கோரிக்கையே வேண்டாம்" என்று அடைத்துவிட்டால் மட்டும், எதைத் தவறவிட்டோம் என்று பார்க்கவும் வழியிருக்காது.

எதையாவது தொலைத்தவர், வேலைக்கு விண்ணப்பித்தவர், வீட்டுப் பொருளை விற்பனைக்குப் போட்டவர், உறவினரைத் தேடுபவர் என்றால், அந்தக் காலம் முடியும்வரை தினமும் ஒருமுறை இந்தப் பெட்டிகளைப் பாருங்கள். மற்றவர்களுக்கு வாரம் ஒருமுறை போதும். அனுப்புபவர் எவ்வளவு கவனமாக எழுதினாலும் அவரால் உள்ளறையைத் திறக்க முடியாது. அதன் தாழ்ப்பாள் உங்கள் பக்கம்தான் இருக்கிறது.