நள்ளிரவைத் தாண்டும் ஷிப்ட்

நூற்பாலை ஒன்றின் டைம் ஆபீஸில் நண்பர் ஒருவர் வேலை பார்க்கிறார். கேட்டில் கார்டு தேய்க்கும் நேரமெல்லாம் எக்செல் தாளில் வந்து விழும். ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே காலை, மாலை, இரவு என்று ஷிப்டின் பெயர் வர வேண்டும். ஆறு மணி முதல் இரண்டு வரை காலை, இரண்டு முதல் பத்து வரை மாலை, பத்து முதல் மறுநாள் ஆறு வரை இரவு. நைட் அலவன்ஸ் கணக்கு இந்தப் பெயரைப் பார்த்துத்தான் போடப்படும். ஒரு மாதம் இரவு ஷிப்டில் ஓர் ஆள்கூட இல்லை என்று தாள் சொல்லிவிட்டது.

அவர் எழுதியிருந்த நிபந்தனை படிக்கச் சரியாகத்தான் இருந்தது: நேரம் 22:00-க்கு மேல், 6:00-க்குக் கீழ் இருந்தால் இரவு.

```
=IF(AND(A2>=TIME(22,0,0),A2<TIME(6,0,0)),"இரவு",...)
```

நம் மனதில் பத்து மணிக்குப் பின் ஆறு மணி வருகிறது. எக்செல்லுக்கு அப்படி இல்லை. அது நேரத்தை ஒரு நாளின் பின்னமாக வைத்திருக்கிறது. நள்ளிரவு 0, காலை ஆறு 0.25, நண்பகல் 0.5, இரவு பத்து சுமார் 0.9167. நள்ளிரவானதும் எண் மறுபடி பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். 0.9167-க்கு மேலேயும் 0.25-க்குக் கீழேயும் ஒரே சமயத்தில் இருக்கும் எண் கிடையாது. அதனால் அந்த நிபந்தனை ஒரு நாளும் நிறைவேறாது.

இரவு ஷிப்டை நள்ளிரவில் இரண்டாக வெட்டிவிட்டால் சிக்கல் தீரும். ஆறு மணிக்கு முன் என்றால் இரவு, பதினாலுக்கு முன் என்றால் காலை, இருபத்திரண்டுக்கு முன் என்றால் மாலை, மிச்சமெல்லாம் மறுபடி இரவு. இரவு என்ற சொல் இரண்டு இடத்தில் வருவதுதான் சூட்சுமம்.

```
=IF(A2="","",IF(HOUR(A2)<6,"இரவு",IF(HOUR(A2)<14,"காலை",IF(HOUR(A2)<22,"மாலை","இரவு"))))
```

முதலில் வெற்றுக் கட்டத்தைச் சோதிப்பதற்குக் காரணம் உண்டு. வெற்றுக் கட்டத்தை எக்செல் பூஜ்யமாக, அதாவது நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். கார்டே தேய்க்காதவர் இரவு ஷிப்டில் வந்தவராகிவிடுவார்.

நேரத்தை நேராக ஒப்பிடாமல் HOUR வழியாகப் போவதற்கும் காரணம் உண்டு. மெஷின் அனுப்பும் கட்டத்தில் பெரும்பாலும் தேதியும் சேர்ந்தே இருக்கும். 2024 மார்ச் 12 காலை ஆறு மணி என்பது உள்ளே 45363.25. அதை 0.9167-உடன் ஒப்பிட்டால் எந்த நேரமும் பத்து மணிக்கு மேல்தான். பட்டியல் முழுக்க இரவு என்றே வந்தால் இதைச் சந்தேகிக்கலாம். HOUR தேதியை விட்டுவிட்டு மணியை மட்டும் எடுத்துத் தரும்.

நண்பர் இதைப் போட்ட மறுநாள் வேறு தகராறு. ஆறு மணி ஷிப்டுக்கு 5:48-க்கே வந்து கார்டு தேய்த்த பெண்களெல்லாம் இரவில் விழுந்திருந்தார்கள். கணக்கு சரிதான், ஆனால் ஷிப்டுக்கு ஆறு மணிக்கு ஓடி வருகிறவர் யார்? பத்து இருபது நிமிஷம் முன்னால் வருவதுதான் வழக்கம். வழியும் சுலபம். மூன்று இடத்திலும் HOUR-க்குள் அரை மணி கூட்டினால் போதும்:

```
HOUR(A2+TIME(0,30,0))
```

5:48 இப்போது 6:18 ஆகிக் காலைக்குப் போகிறது. 21:50 என்பது 22:20 ஆகி இரவுக்குப் போகிறது. 23:40 நள்ளிரவைத் தாண்டினாலும் HOUR பூஜ்யம் என்று சொல்லும், அதுவும் இரவுதான். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இந்த அரை மணி, உள்ளே வரும் நேரத்துக்கு மட்டுமே பொருந்தும். வெளியே போகும் நேரத்துக்கு இதைப் போட்டால், 13:40-க்குக் கிளம்புகிற காலை ஷிப்டுக்காரர் மாலை ஷிப்டுக்காரர் ஆகிவிடுவார்.

கடைசியாகத் தேதி. மார்ச் 12 இரவு ஷிப்டுக்குத் தாமதமாக 0:20-க்கு வந்தவர் கார்டில் தேதி 13 என்று இருக்கும். அவரை 13-ஆம் தேதியில் சேர்த்தால், 12-இல் விடுப்பு விழும். நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்து, மிஞ்சும் முழு எண்ணை எடுத்தால் சரியான நாள் கிடைக்கும். அந்தக் கட்டத்துக்குத் தேதி வடிவம் கொடுத்துவிட வேண்டும்.

```
=INT(A2-TIME(5,30,0))
```

இதைப் பார்த்த நண்பரின் அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில்தானே பிறக்கிறது. பொழுது விடியும்வரை அது நேற்றைய ராத்திரிதான் என்றார்.