தலை பெரிது, ஆள் அவரேதான்

அமெரிக்காவின் ஃபங்கோ நிறுவனம் விற்கும் ‘பாப்’ பொம்மைகள் சுமார் பத்து சென்டிமீட்டர் உயரம்தான். அதில் பாதியைத் தலையே பிடித்துக்கொள்கிறது. கண்கள் பளபளக்கும் இரு கறுப்பு வட்டங்கள். பெரும்பாலும் வாயே கிடையாது. பிறகு ஆளை எப்படி அடையாளம் காண்கிறோம்?

ஓவியர் பாப் ராஸின் பொம்மையைப் பாருங்கள். பந்துபோல் சுருண்ட முடி, தாடி, கையில் வண்ணத்தட்டு. முகத்தில் தொலைந்ததை இவை ஈடுகட்டுகின்றன. நிழலுருவைப் பார்த்தே ஆள் தெரிந்தால் வடிவமைப்பு தேறிவிட்டது. தாடி மழித்து, முடியைச் சாதாரணமாக வாரியவர்தான் சிற்பிக்குத் தலைவலி. அவருக்கு மூக்குக்கண்ணாடியோ தனித்த உடையோ இல்லாவிட்டால், பெட்டியிலுள்ள பெயரைத்தான் படிக்க வேண்டும்.

பளபளப்பான பிளாஸ்டிக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஆழமில்லாத கோடுகளை ஒளித்தெறிப்பு விழுங்கிவிடும். சுருள்முடியைக் கொஞ்சம் மிகையான ஆழத்தில் செதுக்கினால்தான் அது முடியாகத் தெரியும்.