பன்னிரண்டு பேர் சொன்ன பதில்

6 இளைஞர்கள், 6 முதியவர்களிடம் ‘கைபேசியில் செய்தி படிக்கிறீர்களா?’ என்று கேட்டதாக வைத்துக்கொள்வோம். இளைஞர்களில் 5 பேரும் முதியவர்களில் ஒருவரும் ‘ஆம்’ என்கிறார்கள். வயதுக்குத் தொடர்பே இல்லையென்றால், அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் 3 பேரை எதிர்பார்ப்போம்.

திருத்தம் சேர்க்காத கை-வர்க்கச் சோதனை தரும் நிகழ்தகவு 0.021. வழக்கமான எல்லையான 0.05-க்கு இது கீழே இருப்பதால், தொடர்பு உண்டு என்று தோன்றும். ஆனால் அது தோராயக் கணக்கு. எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5-க்குக் குறைந்தால் பிசகக்கூடும்.

ஃபிஷர் சோதனை நேரடியாக எண்ணுகிறது. 12 பேரில் ‘ஆம்’ சொல்லும் 6 பேர் 924 விதங்களில் அமையலாம். இவ்வளவு அல்லது இதைவிட அதிகமான ஏற்றத்தாழ்வு, எந்தப் பக்கம் சாய்ந்தாலும், 74 விதங்களில் வரும். 74/924 என்பது 0.08. எனவே தொடர்பு உண்டென்று சொல்ல இந்தச் சான்று போதாது. தொடர்பே இல்லை என்றும் அதற்குப் பொருளில்லை. இன்னும் பலரிடம் கேட்க வேண்டும்.