மொட்டை மாடிச் சூடும் ஹவுஸ் ஓனருக்கு ஒரு கடிதமும்

டீயை ஆற்றிக் குடி, தம்பி. கடிதத்தை "புழுக்கம் தாங்க முடியவில்லை" என்று தொடங்கியிருக்கிறாய். ஓனர் கீழ்வீட்டில் இருக்கிறவர். அந்தப் புழுக்கம் அவருக்குத் தெரியாது. அவருடைய கட்டடத்துக்கு என்ன ஆகிறது என்பதிலிருந்து தொடங்கு.

கான்கிரீட் தளம் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்துத்தான் கீழே இறக்கும். உன் அறை மத்தியானத்தைவிட ராத்திரி ஒன்பது மணிக்கு மோசமாக இருப்பது அதனால்தான். அந்த நேரத்தில் ஸ்டூல் போட்டு சீலிங்கைத் தொடு, பிறகு சுவரைத் தொடு. சீலிங் மட்டும் சுட்டால் சூடு மாடியிலிருந்து வருகிறது. மேற்குச் சுவரும் சுட்டால், மாடியில் என்ன செய்தாலும் முழுத் தீர்வு வராது. இதைக் கடிதம் எழுதுமுன்பே பார்த்துவிடு.

அதே தளம் பகலில் விரிந்து இரவில் சுருங்குகிறது. தட்டோட்டு இடுக்குகளில் கீறல் விடுகிறது. ஐப்பசி மழை அதில் இறங்கினால் கம்பி துருப்பிடித்து சீலிங் காரை உதிரும். ஓனருக்கு உறைக்கிற செய்தி இதுதான்.

இனி செலவு. தட்டோட்டைப் பெயர்த்து, கீழே இன்சுலேஷன் பலகை பதித்து, மேலே புதிதாக ஓடு போடுவது பெரிய வேலை. மாடி ஒழுகி ஓடுகளை மாற்றும் நிலை வந்தால் மட்டும் அதைக் கேள். இல்லையென்றால் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு போதும். சரியாகச் சொன்னால் அது இன்சுலேஷன் இல்லை. தூசி படிந்தால் பலன் குறையும், அவ்வப்போது கழுவவேண்டும், சில வருடங்களில் மறுபடி அடிக்கவேண்டும். ஒழுகலையும் அது நிறுத்தாது.

கீறல் அடைப்பதும் பூச்சும் வேறு வேறு வேலை, கொட்டேஷனையும் தனித்தனியாக வாங்கு. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, வாடகைக்காரர் சேதப்படுத்தாத வரை கட்டமைப்புப் பழுது உரிமையாளர் பொறுப்பு. பூச்சு உன் வசதிக்கும் சேர்த்து என்பதால் அதில் மட்டும் பங்கு சொல். உதாரணத்துக்கு, கீறலுக்கு 6,000, பூச்சுக்கு 18,000 ரூபாய் என்றால் கடிதம் இப்படிப் போகட்டும்:

"மதிப்பிற்குரிய ஐயா, மாடித் தட்டோட்டில் கீறல்கள் இருக்கின்றன, படம் இணைத்துள்ளேன். மழைக்கு முன் அடைத்தால் தளத்துக்கு நல்லது. அதோடு வெள்ளைப் பூச்சும் அடித்தால் மேல்வீட்டுச் சூடு குறையும். கீறல் வேலையைத் தாங்கள் ஏற்றுக்கொண்டால், பூச்சில் பாதியாக 9,000 ரூபாய் நான் தருகிறேன். மூன்று வருடத்துக்குள் தாங்கள் காலி செய்யச் சொன்னால், மீதமுள்ள ஒவ்வொரு வருடத்துக்கும் 3,000 ரூபாய் திருப்பித் தரவேண்டுகிறேன். நானாகக் காலி செய்தால் எதுவும் கேட்கமாட்டேன்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதே. அது இருந்தால்தான் அதற்கு முந்தைய வரியை அவர் ஒப்புக்கொள்வார். இந்தச் செலவைக் காட்டி வாடகையை ஏற்றக்கூடாது என்பதை நேரில் பேசி, அவர் சம்மதித்ததும் இருவரும் கையெழுத்துப் போடும் தாளில் சேர்த்துக்கொள்.

கடிதத்தைத் தை மாதம் கொடு. மழை ஓய்ந்து தளம் நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும். ஈரத்தின்மேல் அடித்தால் பூச்சு கொப்புளித்து உரிந்துவிடும். பெயின்டர் வருவதற்கு முன் மாடியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார். குழாய்வாய்க்கு ஓடாமல் தேங்கும் இடத்தை முதலில் சரிசெய்யச் சொல், அங்கேதான் பூச்சு முதலில் போகும்.